கிடாரிக் கன்று: பால் மறக்கடிப்பதிலிருந்து முதல் சினை ஊசி வரை

செபராங் பிறைப் பக்கம் செம்பனைக்கும் தாமான் வீடுகளுக்கும் நடுவே இன்னும் நம்மவர்களின் மாட்டுக் கொட்டகைகள் இருக்கின்றன. பத்து, பதினைந்து கறவை, அதிகாலையில் கறந்து வீட்டுக்கு வீடு பால் ஊற்றும் வியாபாரம். அப்படி ஒரு கொட்டகையில் கிடாரியைக் காட்டி, "இதற்கு எப்போது சினை ஊசி போடுவீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் வயதைத்தான் சொல்வார்கள். ஒன்றரை வயது ஆகட்டும், இரண்டு ஆகட்டும் என்பார்கள். கிடாரியின் உடம்பு மாதக் கணக்கைப் பார்ப்பதில்லை. அது பருவத்துக்கு வருவதும், கரு தரிப்பதும், சிக்கலில்லாமல் ஈனுவதும் பெரிதும் எடையைப் பொறுத்தவை. அந்த எடையை எந்த மாதத்தில் எட்டும் என்பது கன்றுக்குப் பால் மறக்கடிக்கும் சமயத்திலும் அதற்கு அடுத்த நான்கு மாதத்திலும் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. புதிதாக மாடு வைப்பவர்கள் இந்த ஒரு கட்டத்தைப் புரிந்துகொண்டால் போதும் என்று நினைப்பதால் இதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. அதைப் பின்னாலிருந்து போட வேண்டும்.

கிடாரி முழு வளர்ச்சி அடைந்த பிறகு எவ்வளவு எடை இருக்குமோ, அதில் 55 முதல் 60 சதவீதம் வந்ததும் சினை ஊசிக்குத் தயார் என்பது பொதுவான அளவு. முழு வளர்ச்சி எடையைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. உங்கள் கொட்டகையிலேயே மூன்றாவது, நான்காவது ஈத்து முடித்த, நல்ல உடம்பில் இருக்கிற மாடுகளை அளந்து பாருங்கள். இங்கே நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் கலப்பு மாடுகள். ஃபிரீசியனும் சாஹிவாலும் கலந்த மாஃப்ரிவால், ஜெர்சி கலப்பு, பழைய நாட்டு மாட்டு ரத்தம் என்று ஒவ்வொரு கொட்டகையும் ஒரு மாதிரி. வெளிநாட்டுப் பெரிய ஃபிரீசியனுக்குச் சொன்ன எடையை இவற்றின் மேல் வைத்துப் பார்த்தால் கிடாரி காலத்துக்கும் தேறாது.

நம் கன்று லட்சுமி என்று வைத்துக்கொள்வோம். அவள் தாயும் தாயின் கூட்டாளிகளும் சுமார் 420 கிலோ. அதில் 55 சதவீதம் என்றால் 231 கிலோ, 60 சதவீதம் என்றால் 252. நடுவில் 240 கிலோவை இலக்காக வைக்கலாம். பதினாறு மாதத்தில் ஊசி போட்டால் இருபத்தைந்தாவது மாதத்தில் ஈனுவாள். நம் வெப்பத்துக்கும் நம் தீவனத்துக்கும் இது எட்டக்கூடிய இலக்கு. லட்சுமி பிறந்தபோது 28 கிலோ. பத்து வாரத்தில் 60 கிலோவோடு பால் மறக்கிறாள். மீதி 180 கிலோவை ஏறக்குறைய 417 நாளில் போட வேண்டும். நாளுக்கு 430 கிராம், மாதத்துக்கு 13 கிலோ. ஆறு மாதத்தில் 109, ஒரு வயதில் 187, பதினாறு மாதத்தில் 240. இந்த மூன்று எண்களைக் கொட்டகைத் தூணில் சாக்பீஸால் எழுதி வையுங்கள்.

இதே லட்சுமி நாளுக்கு 250 கிராம்தான் ஏறுகிறாள் என்றால்? அந்த 180 கிலோவுக்கு 720 நாள் ஆகும். இருபத்தாறு மாதத்தில் ஊசி, மூன்று வயதை நெருங்கும்போது முதல் ஈத்து. நடுவில் போன பத்து மாதமும் அவள் தின்றிருக்கிறாள், ஒரு லிட்டர் பால் தரவில்லை. நம் பக்கத்தில் பல கிடாரிகள் இப்படித்தான் மூன்று வயதில் ஈனுகின்றன. ஜாதி சரியில்லை என்று பழியை ஜாதி மேல் போடுவார்கள். பாதிக்கு மேல் அது தீவனக் கதை.

இப்போது பால் மறக்கடிக்கும் விஷயம். பிறந்த கன்றுக்கும் மாட்டுக்கு இருக்கிற நான்கு வயிற்றறைகளும் உண்டு. ஆனால் முதல் பெரிய அறையான அசையிரைப்பை சின்னதாக, வேலை தெரியாமல் கிடக்கும். பாலும் அந்தப் பைக்குள் போகாது. கன்று சப்பும்போது தொண்டையிலிருந்து ஒரு பள்ளம் குழாயாக மூடிக்கொண்டு பாலை நேரே நான்காவது அறைக்குக் கொண்டுபோய்விடும். அதனால் வெறும் பாலில் மூன்று மாதம் வளர்ந்த கன்று பார்க்க மொழுமொழு என்று இருந்தாலும், பாலை நிறுத்திய அன்றைக்குப் புல்லைச் செரிக்கும் உறுப்பு அதற்குத் தயாராக இருக்காது.

அந்தப் பையைத் தயார் செய்வது கன்றுத் தீவனம். தானியம் பைக்குள் நொதிக்கும்போது வருகிற அமிலங்கள்தான் உள்சுவரில் சத்தை உறிஞ்சும் சின்னச் சின்ன முளைகளை வளர்க்கின்றன. புல் பையை விரிக்கும், தசையைப் பழக்கும். முளைகளை வளர்ப்பதில் தானியத்துக்கு ஈடாகாது. ஆகவே இரண்டாவது வாரத்திலிருந்தே 18 முதல் 20 சதவீதம் புரதமுள்ள கன்றுத் தீவனத்தை ஒரு கைப்பிடி வைத்துப் பழக்க வேண்டும். பால் குடித்து முடித்ததும் ஈர மூக்கில் கொஞ்சம் தடவிவிட்டால் நக்கிப் பழகிக்கொள்ளும். மிச்சத்தை மறுநாள் அப்படியே விடாதீர்கள். நம் ஈரக் காற்றில் ஒரே நாளில் பூசணம் வந்துவிடும். எடுத்துப் பெரிய மாட்டுக்குப் போட்டுவிட்டுப் புதிதாக வையுங்கள்.

கூடவே தண்ணீர். "பால்தான் குடிக்கிறதே, தண்ணீர் எதற்கு?" என்று கேட்பார்கள். பாலில் இருக்கிற தண்ணீர் பையைத் தாண்டிப் போய்விடுகிறது. தனியாகக் குடிக்கிற தண்ணீர்தான் பைக்குள் இறங்கும். தானியம் நொதிக்க அது வேண்டும். பக்கத்தில் தண்ணீர் வாளி இல்லாத கன்று தீவனத்தை மோந்து பார்த்துவிட்டு விலகும். உடனே "இது தின்னாத கன்று" என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

நம் கொட்டகைகளில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. பெரிய பண்ணைகளில் கன்றைப் பிறந்த உடனே பிரித்து வாளியில் பால் வைப்பார்கள். எவ்வளவு குடித்தது என்று கண்ணால் தெரியும். சாஹிவால், நாட்டு ரத்தம் உள்ள மாடுகளில் பல, கன்று வாய் வைக்காமல் பாலை இறக்காது. அதனால் கன்றை விட்டுச் சுரக்க வைத்து, இழுத்துக் கட்டிவிட்டுக் கறந்து, கடைசியில் மறுபடி விடுவோம். இதில் கன்றுக்கு எவ்வளவு போகிறது என்பது கறப்பவர் கையில் இருக்கிறது. பால் விலை ஏறும் நாளில் அந்தக் கை இறுகிவிடும். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுப்பவர்கள் எல்லாரும் பால் கேட்கும்போது, கடைசிச் சொட்டு வரை கறந்துவிட்டுக் கன்றை வெறும் மடிக்கு விடுவதை யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனால் அந்த வாரம் கன்றின் எடையில் தெரியும்.

இதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. கன்று தூக்கக்கூடிய அளவில் இருக்கும்போது, ஊட்ட விடும் முன்னால் ஒரு தடவை, ஊட்டி முடித்ததும் ஒரு தடவை தராசில் நிறுத்துப் பாருங்கள். வித்தியாசம்தான் அது குடித்த பால். காலையும் மாலையும் சேர்த்து நாளுக்குச் சுமார் நான்கு லிட்டர் கிடைத்தால் லட்சுமி போன்ற கன்றுக்கு நல்லது. இரண்டு லிட்டர்கூட இல்லை என்றால் ஒரு காம்பைக் கறக்காமல் கன்றுக்கென்று விடுங்கள். (பிறந்த முதல் சில மணி நேரத்துச் சீம்பால் இந்தக் கணக்கில் சேராது. பிறப்பு எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது லட்சுமிக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர், முதல் ஆறு மணி நேரத்துக்குள் வயிற்றில் இருக்க வேண்டும். அது தவறினால் கீழே எழுதியிருப்பது எதுவும் அவ்வளவாக உதவாது.)

பாலை எப்போது நிறுத்துவது? எட்டு வாரம், பத்து வாரம் என்று நாளை மட்டும் எண்ணி நிறுத்தினால் தவறிவிடும். கன்று தீவனத்தை முக்கால் கிலோவுக்குக் குறையாமல் மூன்று நாள் தொடர்ந்து தின்றிருக்க வேண்டும். எடை பிறப்பு எடையைப் போல இரண்டு மடங்காவது ஆகியிருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் எட்டாவது வாரத்திலும் நிறுத்தலாம். இல்லை என்றால் பன்னிரண்டாவது வாரமானாலும் பொறுக்க வேண்டியதுதான். நிறுத்துவதையும் ஒரே நாளில் செய்யாமல், முதலில் மாலைப் பாலை மட்டும் வெட்டி, பத்து நாள் கழித்துக் காலைப் பாலையும் வெட்டுங்கள். மாலைப் பால் நின்ற இரண்டு மூன்று நாளில் தீவனம் தின்பது தானாக ஏறும். ஏறவில்லை என்றால் கன்று இன்னும் தயாராகவில்லை.

"கன்றை எடுத்துவிட்டால் மாடு பாலை இறக்காதே?" நியாயமான பயம். கன்று பால் மறந்த பிறகும் கறக்கும் நேரத்தில் அரை நிமிடம் வாய் வைக்க விட்டு, தாயின் முகத்துக்கு நேரே கட்டிவிட்டால் பெரும்பாலான மாடுகள் இறக்கிவிடும். அப்போது கன்று அங்கே சுரக்க வைக்கத்தான் வருகிறது, அதன் சாப்பாடு வேறு இடத்தில் இருக்கிறது. இதை வீட்டில் எல்லாரும் புரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கட்டத்தில் "தாயிடம்தான் விடுகிறோமே" என்று தீவனத்தைக் குறைத்துவிட்டால் கன்றுக்கு இரண்டும் இல்லாமல் போகும்.

பால் நின்ற வாரத்தில் வேறு எந்த மாற்றமும் வேண்டாம். கொம்பு சுடுவது, தடுப்பூசி போடுவது, வேறு கொட்டிலுக்கு மாற்றுவது எல்லாம் இரண்டு வாரம் தள்ளிப் போகட்டும். அதே இடம், அதே தீவனம், அதே கூட்டாளிக் கன்றுகள். இந்தச் சமயத்தில்தான் ரத்தக் கழிச்சல் கிருமி தலைகாட்டும். சாணத்தில் சளியும் ரத்தக் கோடும், முக்கி முக்கிக் கழிவது, வால் நனைந்து கிடப்பது. பார்த்த அன்றே கால்நடை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். ஈரத் தரையில் நெருக்கிக் கட்டிய கன்றுகளுக்கு இது கூடுதலாக வரும். மருந்து கொடுத்தாலும் தரை காயாவிட்டால் திரும்ப வரும்.

எல்லாரும் கோட்டைவிடும் இடம் இதற்குப் பிறகுதான். மூன்றாவது மாதத்திலிருந்து எட்டாவது மாதம் வரை கிடாரி யார் கண்ணிலும் படுவதில்லை. கன்று என்ற செல்லமும் போய்விட்டது, கறவை என்ற வருமானமும் இல்லை. கொட்டகையின் கடைசி மூலையில் கட்டி, கறவை மாடு தின்று தள்ளிய நேப்பியர் தண்டைப் போடுவார்கள். அது தின்னும், வயிறும் நிறையும். ஆனால் நேப்பியரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர். நூறு கிலோ கிடாரிக்கு ஒரு நாளைக்கு வேண்டிய உலர் சத்தை அதிலிருந்து மட்டும் எடுக்க வேண்டுமானால் பதினைந்து கிலோ பச்சைப் புல் தின்ன வேண்டும். அவ்வளவுக்கு அதன் வயிற்றில் இடமில்லை. முற்றிய தண்டானால் புரதமும் கிடையாது.

இப்படி வளரும் கிடாரியை எளிதில் அடையாளம் காணலாம். வயிறு மட்டும் பானை மாதிரி தொங்கும், முதுகெலும்பு துருத்தி நிற்கும், மயிர் சொரசொரவென்று பளபளப்பில்லாமல் இருக்கும். "நல்லா தின்னுது, வயிறு பாரு" என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. பானை வயிறு புரதப் பற்றாக்குறையின் அடையாளம், பல சமயம் குடற்புழுவின் அடையாளமும்கூட. முதலில் புழு மருந்து கொடுங்கள். மூன்று வாரத்தில் மயிர் மாறவில்லை என்றால் தீவனத்தைப் பாருங்கள்.

லட்சுமிக்கு என்ன போடலாம்? நான்கு மாதம் வரை அதே கன்றுத் தீவனம், ஒன்றரைக் கிலோ வரை ஏற்றலாம். அப்புறம் 16 சதவீதம் புரதமுள்ள வளர் தீவனத்துக்குப் பத்து நாளில் மெல்ல மாற்றி, அதே ஒன்றரைக் கிலோ, முடிந்தால் இரண்டு. அறுத்து ஆறு வாரத்துக்குள் மறுபடி துளிர்த்த இளம் நேப்பியரை நறுக்கித் தின்னும் மட்டும் போடலாம். 150 கிலோ வந்தபோது ஒன்றரைக் கிலோ தீவனமும் பதினைந்து கிலோ இளம் புல்லும் என்றால் 430 கிராம் கணக்கு பெரும்பாலும் ஒத்துவரும்.

விலை குறைவு என்று நம் பக்கத்தில் எல்லாரும் கைவைப்பது செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கும் தௌபு சக்கையும். இரண்டும் நல்ல பொருள்தான், நேரம் பார்த்துப் போட வேண்டும். செம்பனைப் புண்ணாக்கில் நார் அதிகம், மணல் போலப் பொடியாக இருப்பதால் சின்னக் கன்று விரும்பாது. ஆறு மாதத்துக்கு முன்னால் அதை முக்கியத் தீவனமாக்க வேண்டாம். அதில் சுண்ணாம்புச் சத்து குறைவு, பாஸ்பரஸ் அதிகம். வளரும் எலும்புக்கு இது தலைகீழ் விகிதம். கிலோவுக்கு 15 முதல் 20 கிராம் சுண்ணாம்புக்கல் தூள் கலந்தால் சரியாகும். தௌபு சக்கையில் புரதம் நிறைய உண்டு, தண்ணீரும் நிறைய. தொழிற்சாலையிலிருந்து காலையில் வந்த சக்கை மறுநாள் காலைக்குள் புளித்துவிடும். கொழகொழப்பும் புளித்த வாடையும் வந்ததைக் கிடாரிக்குப் போட்டுக் கழிச்சல் வரவழைத்தால், மிச்சம் பிடித்த காசு மருந்துக்குப் போகும்.

இந்த மாதங்களில் சறுக்கினால் என்ன ஆகும் என்று லட்சுமியை வைத்தே பார்ப்போம். பால் மறந்ததிலிருந்து ஆறு மாதம் வரை நாளுக்கு 150 கிராம்தான் ஏறினாள் என்றால் ஆறாவது மாதத்தில் 109க்குப் பதிலாக 77 கிலோ இருப்பாள். அன்றிலிருந்து நாம் விழித்துக்கொண்டு 430 கிராமுக்கே கொண்டுவந்தாலும் 240 கிலோ வர பதினெட்டரை மாதம் ஆகும். விட்டதைப் பிடித்துப் பதினாறிலேயே முடிக்க நாளுக்கு 540 கிராம் வேண்டும். முடியாததில்லை, தீவனச் செலவு ஏறும். ஆனால் எலும்பும் உயரமும் வேகமாக வளரும் காலம் போய்விட்டதால், பின்னால் கொட்டுகிற தீவனத்தில் ஒரு பங்கு கொழுப்பாகத்தான் நிற்கும். அதிலும் பருவத்துக்கு வருமுன் தானியத்தை அள்ளிப் போட்டு மிக வேகமாகக் கொழுக்க வைத்தால் மடிக்குள் பால் சுரக்கும் திசுவின் இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்ளும். கொட்டகையிலேயே அழகான கிடாரியாக இருந்து, ஈன்றபின் பால் குறைவாகத் தருவது சில சமயம் இதனால்தான்.

எடையைத் தெரிந்துகொள்ள மாட்டுத் தராசு வேண்டாம், தையல்காரர் நாடா போதும். மாதம் ஒரு முறை, காலையில் புல் போடும் முன்னால், கிடாரியைச் சம தரையில் நேராக நிறுத்துங்கள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி ஒரு அளவு. தோள் முனையிலிருந்து பின்புறத்தில் வாலுக்குக் கீழே துருத்தும் எலும்பு வரை நீள அளவு. இரண்டும் சென்டிமீட்டரில்.

எடை (கிலோ) = சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 10,840

சுற்றளவு 145, நீளம் 120 என்றால் 145 × 145 × 120 = 25,23,000. அதை 10,840 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 233 கிலோ. உண்மையான எடை இதிலிருந்து கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், பரவாயில்லை. போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் வித்தியாசம் 13 கிலோ வருகிறதா என்பதுதான் நமக்கு முக்கியம். ஒவ்வொரு மாதமும் ஒரே ஆள் அளந்தால் நல்லது. ஆள் மாறினால் நாடாவை இழுக்கும் இறுக்கமும் மாறும்.

லட்சுமி ஒரு வயது வாக்கில், 180, 190 கிலோவில் முதல் முறை பருவத்துக்கு வருவாள். அதைப் பார்த்ததும் ஊசிக்கு ஓட வேண்டாம், குறித்து மட்டும் வையுங்கள். ஏறக்குறைய 21 நாளுக்கு ஒரு தரம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே 240 வரை காத்திருக்கலாம். இங்கே ஒரு எச்சரிக்கை. எட்டு மாதம் தாண்டிய காளைக் கன்று அதே கொட்டிலில் இருந்தால் உங்கள் கணக்கு எல்லாம் வீண். 180 கிலோவில் சினையாகிவிடுவாள், ஈனும்போது கன்றை இழுத்து எடுக்க வேண்டி வரும். நம் வெயிலில் பருவ அறிகுறி பகலில் அடங்கிக் கிடந்து இரவிலும் விடியற்காலையிலும்தான் தெரியும். கறக்கப் போகும்போது டார்ச்சோடு கிடாரிகள் பக்கம் ஒரு சுற்றுப் போய், எது மற்றது ஏற அசையாமல் நிற்கிறது என்று பாருங்கள். காலையில் பார்த்தால் அன்று மாலை ஊசி.

முதல் ஈத்துக்குச் சின்னக் கன்று போடும் காளையின் விந்தாகக் கேளுங்கள். ஜெர்சி பொதுவாகப் பாதுகாப்பு. பெரிய ஃபிரீசியன் காளை வேண்டும் என்ற ஆசையை இரண்டாவது ஈத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சினை பிடித்தபின் தீவனத்தை வெட்டுவது நம் பக்கத்துப் பழக்கம். அதைச் செய்ய வேண்டாம். ஈன்று முடித்த அன்று லட்சுமி முழு எடையில் 80 சதவீதமாவது, அதாவது 336 கிலோ இருக்க வேண்டும். வயிற்றுக் கன்றையும் சேர்த்து நாளுக்கு அரை கிலோவாவது ஏற வேண்டும் என்று அர்த்தம்.

சரி, இருபது மாதம் ஆகியும் 205 கிலோவில் நிற்கிற கிடாரி கையில் இருந்தால்? "வயசாயிடுச்சு, போட்டுடலாம்ணே" என்று கொட்டகையில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். நான் போட மாட்டேன். இன்னும் 35 கிலோ, நாளுக்கு 430 கிராம் என்றால் 81 நாள். புழு மருந்தும் தீவனமும் கொடுத்து அந்த 81 நாள் காத்திருப்பேன். மாத முடிவில் நாடா 13 கிலோவுக்குக் குறைவான ஏற்றத்தைக் காட்டினால் முதலில் இளம் புல் போடுகிறார்களா, தண்டு போடுகிறார்களா என்று தொட்டியில் போய்ப் பார்ப்பேன்.